பிறை வடிவ ஏரியின் பெயரை எங்கே எழுதுவது?

கர்நாடகத்தின் ஆனேக்கல் வட்டத்தில் முத்தாநல்லூர், பிதரகுப்பே, ஹென்னாகரா முதலிய ஏரிகள், சரிவின் தாழ்ந்த பக்கத்தில் எழுப்பப்பட்ட மண்கரையால் நீரைத் தேக்கி வைப்பவை. இத்தகைய ஏரிகளில் ஆழம் கரையை ஒட்டியே மிகுதியாக இருப்பதால், கோடையில் நீர் வற்றும்போது மேட்டுப்பக்கம் முதலில் காய்கிறது. கரை வளைந்திருந்தால், எஞ்சும் நீர் அதை ஒட்டிய பிறை வடிவப் பட்டையாகச் சுருங்கக்கூடும். அந்த நீர்ப்பரப்பின் எல்லையைப் பலகோணமாக வரைந்து, அதன் பரப்பு மையத்தில் ஏரியின் பெயரை இடுமாறு கணினியைப் பணித்தால், பெயர் நீரில் விழாமல் காய்ந்த தரையில் விழுவதைக் காணலாம்.

பரப்பு மையம் என்பது, ஒரு வடிவத்தைச் சின்னஞ்சிறு சமத்துண்டுகளாகப் பிரித்து, எல்லாத் துண்டுகளின் இருப்பிடங்களுக்கும் எடுக்கப்படும் சராசரியாகும். சீரான அட்டையில் அவ்வடிவத்தை வெட்டினால், ஊசிமுனையில் அது சாயாமல் நிற்க வேண்டிய புள்ளி அதுவே. உட்குழிவற்ற வடிவங்களில் இப்புள்ளி எப்போதும் உள்ளேதான் இருக்கும். பிறையிலோ இரு கைகளும் சராசரியை நடுவிலுள்ள வெற்றிடத்தை நோக்கி இழுக்கின்றன. கிடைக்கும் புள்ளி வடிவத்துக்குள் அமைய வேண்டும் என்ற நிபந்தனை சராசரி எடுக்கும் முறையில் எங்குமே இல்லை.

இதை எண்களால் சோதிக்க, ஒரே மையத்தைக் கொண்ட 400 மீட்டர், 300 மீட்டர் ஆரமுள்ள இரு அரைவட்டங்களுக்கு இடைப்பட்ட நீர்ப்பட்டையைக் கற்பனை செய்யலாம். அதன் வளைந்த அடிப்பகுதி தெற்கிலும், கைகள் வடக்கு நோக்கியும் இருப்பதாகக் கொள்வோம். வெளி ஆரத்தை R என்றும் உள் ஆரத்தை r என்றும் குறித்தால், வட்ட மையத்திலிருந்து பரப்பு மையத்தின் தொலைவு 4(R³−r³) / 3π(R²−r²), அதாவது ஏறத்தாழ 224 மீட்டர். நீரோ 300 மீட்டரில்தான் தொடங்குகிறது. ஆகவே பெயர்ப்புள்ளி நீருக்கு 76 மீட்டர் வெளியே நிற்கிறது. உள் ஆரம் 190 மீட்டராகக் குறைந்து பட்டை அகன்றால் பரப்பு மையம் 196 மீட்டரில் உள்ளே வந்துவிடும் என்றாலும், விளிம்பிலிருந்து ஆறு மீட்டர் தள்ளியே இருப்பதால் பெயர் எழுத அது அப்போதும் உதவாது.

ஒரு வரைபடத்தில் இவ்வாறு தவறும் வடிவங்கள் எவை என்பதை, போஸ்ட்ஜிஐஎஸ் தரவுத்தளத்தில் ஒரே வினவலால் கண்டறியலாம்:

```sql
SELECT name FROM eri
WHERE NOT ST_Contains(geom, ST_Centroid(geom));
```

இவ்வடிவங்களில் பரப்பு மையத்துக்கு மாற்றாக இரு புள்ளிகள் பயன்படுகின்றன. முதலாவதான `ST_PointOnSurface`, வடிவத்தின் நடு உயரத்தையொட்டி ஒரு கிடைக்கோட்டை இழுத்து, அது வடிவத்துக்குள் செல்லும் மிக நீண்ட துண்டின் நடுப்புள்ளியைத் தருகிறது. விரைவானது, உள்ளே அமைவது உறுதி. இரண்டாவது, எல்லாக் கரைகளிலிருந்தும் மிக விலகி நிற்கும் புள்ளி, அதாவது வடிவத்துக்குள் வரையக்கூடிய மிகப்பெரிய வட்டத்தின் மையம். `ST_MaximumInscribedCircle` அதைத் தருகிறது. 2016-இல் மேப்பாக்ஸ் வெளியிட்ட `polylabel` என்னும் நிரலும் அதையே தேடுகிறது. அது வடிவத்தைச் சதுரங்களால் மூடி, ஒவ்வொரு சதுரத்தின் நடுவிலிருந்தும் கரைக்குள்ள தொலைவை அளந்து, அதனுடன் அரை மூலைவிட்டத்தைக் கூட்டினாலும் இதுவரை கிடைத்த சிறந்த விடையை மிஞ்ச முடியாத சதுரங்களைத் தள்ளிவிட்டு, மற்றவற்றை நான்காகப் பிரித்துக்கொண்டே போகிறது. எவ்வளவு நுணுக்கம் போதும் என்னும் அளவு இதில் இயல்பாக 1 அலகு. தரவு மீட்டரில் இருந்தால் அது சரி. அட்சரேகை, தீர்க்கரேகைப் பாகைகளில் இருந்தால் ஒரு பாகை ஏறத்தாழ 110 கிலோமீட்டர் என்பதால், தேடல் முதல் ஊகத்திலேயே நின்றுவிடும். ஆனேக்கலுக்கு EPSG:32643 என்னும் மீட்டர் அமைப்புக்கு மாற்றிய பிறகே கணக்கிட வேண்டும்.

ஆயினும் பெயர் ஒரு புள்ளியன்று, நீளமான செவ்வகம். மேற்கண்ட 100 மீட்டர் பட்டையில் 50 மீட்டர் ஆரமுள்ள வட்டம் ஏறக்குறைய எங்கும் பொருந்துவதால், பெரிய வட்டத்தைத் தேடும் முறைக்குக் கையும் அடிப்பகுதியும் ஒன்றே. எல்லைக்கோட்டின் சிறு வேறுபாடும் புள்ளியை இடம் மாற்றிவிடும். முதல் முறையின் கிடைக்கோடோ ஒரு கையை வெட்டி, 123 மீட்டர் அகலமே தருகிறது. 1:10,000 அளவு வரைபடத்தில் அது 1.2 சென்டிமீட்டர்தான். அடிப்பகுதியிலோ மூன்று மில்லிமீட்டர் உயர எழுத்துகளுக்கு 4.5 சென்டிமீட்டர் வரை கிடைமட்ட இடம் உண்டு. எனவே பிறை வடிவங்களுக்கு, பெயரின் செவ்வகம் முழுவதும் அடங்கும் இடத்தைத் தேடுவதும், அது கிடைக்காதபோது பட்டையின் நடுக்கோட்டைத் தொடர்ந்து பெயரை வளைத்து எழுதுவதுமே தகும். நீர்ப்பரப்பு பருவந்தோறும் மாறும் ஏரிகளுக்கு, நிறைந்த நிலையின் எல்லையைக் கொண்டு பெயரிடத்தை ஒருமுறை தேர்ந்து தனியே சேமித்து வைத்தால், ஒவ்வொரு கோடையிலும் பெயர் இடம் பெயராது.