வீடியோ அழைப்பை நேர்ச் சந்திப்பாக மாற்றக் கேட்கும் முறை

நாள் குறித்துவிட்ட வீடியோ அழைப்பை நேர்ச் சந்திப்பாக மாற்றக் கேட்கும்போது, எதிர்த்தரப்பிடம் கூடுதல் நேரமும் கேட்கிறோம். அரை மணி நேரம் திரைமுன் உட்கார ஒப்புக்கொண்டவர், பயணத்தையும் சேர்த்தால் அரை நாளை ஒதுக்க வேண்டிவரும். அதனால் இந்தக் கோரிக்கையில் இரண்டு விஷயங்கள் தெளிவாக இருக்க வேண்டும். திரையில் முடியாத வேலை எது என்பது ஒன்று. அந்த வேலை நடக்கக்கூடிய இடம் எது என்பது மற்றொன்று. காரணமும் இடமும் பொருந்தியிருந்தால் பெரும்பாலும் சம்மதம் கிடைக்கும்.

திருப்பூர் பின்னலாடைத் தொழிலில் இந்தத் தேவை அடிக்கடி எழுகிறது. ஃபேக்டரியின் மெர்ச்சன்டைசரும் பையிங் ஆபீஸ் அதிகாரியும் ஆர்டரின் பெரும்பகுதியை மின்னஞ்சலிலும் வீடியோவிலுமே பேசி முடித்துவிடுகிறார்கள். கப்பல் தேதி, அட்டைப்பெட்டி அளவு, விலை எல்லாம் அப்படியே தீரும். துணியின் நிறம் மட்டும் அப்படித் தீராது. கேமரா வெளிச்சத்துக்குத் தக்கபடி நிறத்தைத் தானாகவே சரிசெய்துகொள்கிறது. பார்ப்பவரின் திரையும் தன் பங்குக்கு அதை மாற்றுகிறது. அடர்நீலத்தில் லேசான சிவப்புச் சாயல் ஏறியிருந்தால், இந்த இரண்டு மாற்றங்களுக்கு நடுவே அது காணாமல் போய்விடும்.

துணிக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. இரண்டு துணிகள் பகல் வெளிச்சத்தில் ஒரே நிறமாக இருந்துவிட்டு, கடை விளக்கின் கீழே வெவ்வேறாகத் தெரியலாம். இதற்கு மெட்டாமெரிசம் என்று பெயர். சாயக் கலவை மாறும்போது இது நேர்வதுண்டு. இதைக் கண்டுபிடிக்கத்தான் லைட் பாக்ஸ் இருக்கிறது. உட்புறம் சாம்பல் நிறம் பூசிய அந்தப் பெட்டியில் பகல் வெளிச்சத்துக்கு டி65, ஐரோப்பியக் கடை வெளிச்சத்துக்கு டிஎல்84, வீட்டு மஞ்சள் விளக்குக்கு ஏ எனப் பல விளக்குகள் இருக்கும். ஒப்புதல் பெற்ற மாதிரித் துண்டான லேப் டிப்பையும் புதிதாக வந்த துணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விளக்கை மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும்.

ஓர் உதாரணம். டி-ஷர்ட் ஆர்டர் ஒன்றுக்கு நேவி புளூ துணி மூன்று லாட்டாகச் சாயம் ஏறி வந்திருக்கிறது. மூன்றாவது லாட்டில் சந்தேகம். வியாழக்கிழமை காலை 11 மணிக்கு, கோவையில் இருக்கும் பையிங் ஆபீஸ் அதிகாரியோடு வீடியோ அழைப்பு ஏற்கெனவே முடிவாகியிருக்கிறது. செவ்வாய்க்கிழமை காலையில் ஃபேக்டரி மெர்ச்சன்டைசர் இப்படி எழுதலாம்:

"வணக்கம் மேடம். வியாழக்கிழமை காலை 11 மணி வீடியோ காலை நேர்ச் சந்திப்பாக மாற்றிக்கொள்ள முடியுமா? நேவி புளூ துணி மூன்று லாட்டும் டையிங் முடிந்து வந்துவிட்டன. முதல் இரண்டும் நீங்கள் அப்ரூவ் செய்த லேப் டிப்போடு ஒத்துப்போகின்றன. மூன்றாவது டி65-ல் சரியாக இருக்கிறது, டிஎல்84-ல் கொஞ்சம் சிவப்படிக்கிறது. கேமராவில் காட்டிப் பார்த்தோம், வித்தியாசம் தெரியவில்லை. கட்டிங்குக்குப் போகும் முன் நீங்கள் நேரில் பார்த்துவிட்டால் நல்லது.

உங்களுக்கு எது வசதியோ அதைச் சொல்லுங்கள்:

1. கோவையில் உங்கள் ஆபீஸ், வியாழன் காலை 11 மணி. மூன்று லாட்டிலிருந்தும் துணி வெட்டி எடுத்து வருகிறோம். உங்கள் லைட் பாக்ஸ் அரை மணி நேரம் கிடைத்தால் போதும்.

2. திருப்பூரில் எங்கள் ஃபேக்டரி, வியாழன் மதியம் 3 மணி. ரோல்களையே பிரித்துப் பார்க்கலாம். போக வர கார் அனுப்புகிறோம்.

இரண்டும் தோதுப்படாவிட்டால் துணியை உங்களுக்கு அனுப்பிவிட்டு, வெள்ளிக்கிழமை வீடியோவிலேயே பேசிக்கொள்ளலாம். புதன் மதியத்துக்குள் சொன்னால் அதற்கேற்ப ஏற்பாடு செய்துவிடுகிறோம்."

இதில் கோரிக்கை முதலிலேயே வந்துவிடுகிறது. பிறகு வரும் காரணம் எதிர்த்தரப்பைக் குறை சொல்லவில்லை. "உங்கள் பக்கம் வீடியோ தெளிவில்லை" என்று எழுதினால் அது புகாராகிவிடும். "நேரில் பேசினால் நன்றாக இருக்கும்" என்று மட்டும் எழுதினால் வேறு ஆபத்து இருக்கிறது. படிப்பவர் ஏதோ பெரிய கோளாறை மறைக்கிறார்கள் என்று எண்ணலாம். அல்லது அவசரமில்லை என்று தள்ளிப்போடலாம். மூன்று லாட்டில் ஒன்றில்தான் சந்தேகம், அதுவும் ஒரு விளக்கின் கீழேதான் என்று அளவோடு சொன்னதால், பிரச்சினை எவ்வளவு பெரியது என்பதை அதிகாரி வருவதற்கு முன்பே புரிந்துகொள்கிறார்.

இடத்தைப் பொறுத்தவரை இரண்டு, மிஞ்சினால் மூன்று போதும். அதற்குமேல் கொடுத்தால் தேர்ந்தெடுக்கும் சுமை அவர் தலையில் விழும். தன் இடத்தை மட்டும் சொல்வதும் சரியல்ல, அது வரச்சொல்வது போல ஆகிவிடும். அதனால்தான் அவருடைய அலுவலகம் முதலில் வைக்கப்பட்டது. கோவைக்கும் திருப்பூருக்கும் இடையே சுமார் 50 கிலோமீட்டர். அந்தப் பயணத்தைக் கேட்பவரே ஏற்பதுதான் முறை. இரண்டாவது இடத்தில் அவர் பயணம் செய்தாலும், முழு ரோலையும் பார்க்கும் பயன் அதற்கு ஈடாகிறது. அவிநாசி சாலையில் நல்ல ஹோட்டல்கள் பல இருந்தும் பட்டியலில் ஒன்றுகூட இல்லை. விலையோ தேதியோ பேசுவதென்றால் ஹோட்டல் பொதுவான இடமாக அமையும். அங்கிருக்கும் மஞ்சள் விளக்கில் நிறத்தைப் பார்த்து யாரும் ஒப்புதல் தர முடியாது. காரணம் நிறம் என்பதால், லைட் பாக்ஸ் இல்லாத இடம் எதுவும் இங்கே பொருந்தாது.

கடைசியில் வரும் மாற்று வழி மரியாதையின் முக்கியமான பகுதி. அது இருப்பதால் மறுப்பவருக்குச் சங்கடம் இல்லை. அந்த வழியைத் தேர்ந்தால், ஒவ்வொரு லாட்டிலிருந்தும் ஒரே இடத்தில் வெட்டிய இரண்டு துண்டுகளில் ஒன்றை அவருக்கு அனுப்பி, மற்றதை ஃபேக்டரியில் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டிலும் லாட் எண் எழுதியிருக்க வேண்டும். அவர் தன் லைட் பாக்ஸில் பார்த்துவிட்டு வீடியோவில் பேசுவார். அப்போது திரை பேசுவதற்கு மட்டுமே பயன்படுகிறது, நிறத்தைக் காட்ட அல்ல. தையலுக்கு முன் துணியின் தொடு உணர்வையும் இப்படியே தீர்த்துக்கொள்ளலாம்.

பதில் எதுவும் வராவிட்டால் புதன் மாலையில் ஒரு முறை போனில் கேட்கலாம். அப்போதும் முடிவு தெரியாவிட்டால் பழைய வீடியோ அழைப்பு அப்படியே நிற்கிறது என்று கொள்ள வேண்டும். சொல்லாமல் நேரில் போய் நிற்பது கோரிக்கையைக் கட்டாயமாக்கிவிடும்.

சம்மதம் வந்ததும் வீடியோ அழைப்பின் பதிவை ரத்து செய்து, இடம், நேரம், வரைபடச் சுட்டி, வருபவர்களின் எண்ணிக்கை ஆகியவற்றை ஒரே செய்தியில் உறுதிசெய்ய வேண்டும். பழைய பதிவை நீக்காமல் விட்டால், ஒருவர் திரைமுன் காத்திருக்க மற்றவர் வாசலில் நிற்க நேரும். ஒப்புதல் பெற்ற லேப் டிப் யாரிடம் இருக்கிறது, யார் எடுத்து வருகிறார் என்பதையும் அதே செய்தியில் கேட்டுவிட வேண்டும். அது மறந்துபோனால் ஒப்பிடவே எதுவும் இருக்காது, பயணமும் வீண். சந்திப்பின் முடிவில் ஏற்றுக்கொண்ட துணித் துண்டில் இருவரும் தேதியிட்டுக் கையெழுத்திட்டு ஆளுக்கொன்று வைத்துக்கொண்டால், அதே நிறம் குறித்து மறுபடியும் சந்திக்க வேண்டியிருக்காது.