முதலாளியிடம் என்ன கேட்பது?

சிறு நிறுவனங்களில் ஒரு திட்டம் எதனால் வெற்றி பெறுகிறது என்று ஆய்வேடு எழுத வரும் மாணவர்கள் பலரும் முதலில் கையில் எடுப்பது, ஜெஃப்ரி பின்டோவும் டென்னிஸ் ஸ்லெவினும் 1987இல் முன்வைத்த பத்துக் காரணிகளைத்தான். தெளிவான நோக்கம், மேல்நிர்வாகத்தின் ஆதரவு, வாடிக்கையாளருடன் கலந்து பேசுவது என்று நீளும் அந்தப் பட்டியல் நல்ல பட்டியல். அதை அப்படியே வினாநிரலாக்கும்போதுதான் ஆய்வு கெடுகிறது.

“மேல்நிர்வாகம் இத்திட்டத்துக்கு ஆதரவளித்தது” என்ற வாக்கியத்தைப் பதினைந்து பேர் வேலை செய்யும் ஒரு பட்டறையில் நீட்டிப் பாருங்கள். அங்கே ஆர்டர் பிடிப்பவர், பணம் புரட்டுபவர், வேலையை மேற்பார்ப்பவர் எல்லாம் முதலாளி ஒருவரே. தனக்குத் தானே ஐந்துக்கு ஐந்து போட்டுக்கொள்வார். எல்லா முதலாளிகளும் ஐந்தே போட்டால், வென்ற திட்டத்துக்கும் தோற்றதற்கும் இந்தக் காரணியில் வேறுபாடே தெரியாது.

இந்த ஆபத்தை முன்கூட்டியே காட்டிக்கொடுக்க வேண்டியது இலக்கிய மீளாய்வு. “இவர் இப்படிச் சொன்னார், அவர் அப்படிச் சொன்னார்” என்று பத்தி பத்தியாக எழுதினால் அது காட்டாது. ஓர் அட்டவணை போடுங்கள். ஒவ்வோர் ஆய்வுக்கும் ஒரு வரி: எந்த அளவு நிறுவனம், பதில் சொன்னது யார், வெற்றியை எப்படி அளந்தார்கள், கேள்வியின் சொற்கள் என்ன. நிறுவன அளவு என்ற கட்டத்தில் பெரிய நிறுவனங்களே நிரம்பியிருந்தால், உங்கள் ஆய்வுக்கான இடம் அதுதான். ரோட்னி டர்னர், ஆன் லெட்வித், ஜான் கெல்லி ஆகியோர் ஐரோப்பியச் சிறு, நடுத்தர நிறுவனங்களை ஆராய்ந்து, அவற்றுக்கு எளிமையான, ஆட்களை மையமாகக் கொண்ட திட்ட மேலாண்மையே பொருந்தும் என்றார்கள்.

அந்த வெளிச்சத்தில் கேள்வியை மாற்றலாம். “இந்த வேலை நடந்தபோது ஆட்களை வேறு அவசர ஆர்டருக்கு எத்தனை முறை மாற்றினீர்கள்?” இதற்கு ஆளுக்கொரு பதில் வரும். “எந்தத் திட்டமானாலும்” என்று விட்டால் முதலாளி தன் பெருமைக்குரியதையே சொல்வார். கடைசியாக முடித்த அல்லது பாதியில் கைவிட்ட வேலையைக் கேளுங்கள். “நேரத்துக்கும் செலவுக்கும் உட்பட்டு முடிந்ததா?” என்பது இரண்டு கேள்வி. சொன்ன தேதி, கொடுத்த தேதி, மதிப்பிட்ட செலவு, ஆன செலவு என்று தனித்தனியாக வாங்குங்கள். காரணிகளையும் வெற்றியையும் ஒருவரே மதிப்பிட்டால், வேலை நன்றாக முடிந்த நினைப்பில் எல்லாவற்றுக்கும் அதிக மதிப்பெண் விழும். முடிந்தால் ஒரு பகுதியை மேஸ்திரியிடமோ கணக்கரிடமோ கேளுங்கள்.

படிவத்தை அனுப்பும் முன் மூன்று நான்கு முதலாளிகளுடன் உட்கார்ந்து, ஒவ்வொரு கேள்வியையும் அவர்கள் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு வரும் க்ரான்பாக் ஆல்ஃபா 0.7ஐத் தாண்டினால், ஒரு காரணிக்கான கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன என்று மட்டுமே பொருள். அவை சரியான பொருளைத்தான் அளக்கின்றனவா என்பதை அது சொல்லாது.

அச்சுக்குப் போகும் முன், ஒவ்வொரு கேள்விக்கு எதிரேயும் அது அட்டவணையின் எந்த வரியிலிருந்து வந்தது, எந்தக் கருதுகோளுக்குப் பயன்படும் என்று எழுதிப் பாருங்கள். எழுத முடியாத கேள்வியை அடித்துவிடுங்கள்.