16 யூனிட் 160 ஆகாமல்

மருத்துவமனையிலிருந்து கிளம்பும்போது தரும் டிஸ்சார்ஜ் சம்மரியில் வீட்டாருக்கு உடனே தெரிய வேண்டியவை மூன்று. என்ன நோய், என்ன மருந்து, மறுபடி எப்போது வர வேண்டும்? அந்தத் தாளைக் கைபேசியில் படம் எடுத்தால் இந்த மூன்றையும் மென்பொருளே பிரித்துக் கொடுத்துவிடும். ஆனால் சரியாகப் பிரிக்கிறதா என்று பார்க்க, அது எங்கெங்கே தடுமாறும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு மாதிரிச் சீட்டை எடுத்துக்கொள்வோம். சர்க்கரை நோயாளி ஒருவர் வலது காலில் செல்லுலைட்டிஸ், அதாவது தோலடித் திசுவில் கிருமித்தொற்று, என்று 28/06/2025 அன்று சேர்ந்து 03/07/2025 அன்று வீடு திரும்புகிறார்.

மென்பொருள் முதலில் படத்தைச் சீர்செய்யும். தாளின் நான்கு மூலைகளையும் கண்டுபிடித்து, சாய்வை நேராக்கி, நிழலைக் குறைக்கும். பிறகுதான் எழுத்துகளை வரிவரியாகப் படிக்கும். சம்மரியை நான்காக மடித்துப் பையில் வைத்திருந்தால் சிக்கல் இங்கேயே தொடங்கிவிடும். மடிப்புக்கு இடப்பக்கம் மருந்தின் பெயர், வலப்பக்கம் அளவு. தாள் லேசாக வளைந்திருந்தாலும் மூன்றாவது மருந்தின் பெயரோடு நான்காவது மருந்தின் அளவு போய் ஒட்டிக்கொள்ளும். வந்த பட்டியலில் ஒவ்வொரு சொல்லும் சரியாகவே இருக்கும், சேர்க்கை மட்டும் தவறாக இருக்கும். அதனால் தாளை மேசையில் நன்றாக விரித்து, நேர் மேலிருந்து, ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியாகப் படம் எடுக்க வேண்டும்.

அடுத்தது நோயின் பெயர். நம் சீட்டில் செல்லுலைட்டிஸ், டைப் 2 சர்க்கரை நோய் என்று இரண்டு இருக்கின்றன. கீழே ஸ்கேன் முடிவில், காலின் ஆழ்சிரையில் ரத்தக்கட்டு இல்லை என்றும் எழுதியிருக்கிறது. நோய்ப்பெயர்களை மட்டும் தேடிப் பொறுக்கும் மென்பொருள் அந்த 'இல்லை'யை விட்டுவிட்டு, ரத்தக்கட்டையும் மூன்றாவது நோயாகச் சேர்த்துவிடும். தாள் முழுவதையும் துழாவாமல், இறுதி நோயறிதல் என்ற தலைப்பின் கீழ் உள்ளதை மட்டும் எடுப்பதுதான் பாதுகாப்பு.

மருந்துக்கும் இதே விதிதான். வார்டில் நரம்பு வழியாக ஏற்றிய ஆன்டிபயாடிக் 'கொடுத்த சிகிச்சை' பகுதியில் இருக்கும். வீட்டில் எடுக்க வேண்டியவை 'டிஸ்சார்ஜ் அட்வைஸ்' பகுதியில்தான் இருக்கும். இரண்டும் கலந்தால், முடிந்துபோன ஊசியும் வீட்டுப் பட்டியலில் ஏறிவிடும்.

மிகவும் ஆபத்தான இடம் இன்சுலின் வரி. காலை 16, மதியம் இல்லை, இரவு 10 யூனிட் என்பதை டாக்டர் 16-0-10 என்று எழுதி, எண்களுக்குப் பின்னால் யூனிட்டைக் குறிக்க ஆங்கில 'யூ' எழுத்தைப் போட்டிருக்கிறார். அவசரத்தில் எழுதிய அந்த எழுத்தின் வாய் மூடிக்கொண்டால் பூஜ்யம் போலவே தெரியும். 16 யூனிட் 160 ஆகும், 10 யூனிட் 100 ஆகும். பத்து மடங்கு இன்சுலின் உயிருக்கே உலை வைத்துவிடும். மனிதர்களே இதில் ஏமாந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் மருத்துவமனைத் தர அமைப்பான ஜாயின்ட் கமிஷன், மருத்துவக் குறிப்புகளில் பயன்படுத்தவே கூடாத சுருக்கங்களின் பட்டியலை 2004இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. யூனிட்டுக்கு இந்த ஒற்றை எழுத்தைப் போடுவது அதில் இடம்பெற்றது.

எனவே நல்ல மென்பொருள் படித்ததை அப்படியே நம்பாது. ஒரு வேளைக்கு 160 யூனிட் என்று வந்தால், வழக்கமான அளவோடு ஒப்பிட்டுச் சந்தேகக் குறி போடும். பக்கத்திலேயே அந்த வரியின் படத்துண்டையும் வெட்டிக் காட்டும். எழுத்து தெளியவில்லை என்றால் கட்டத்தைக் காலியாக விட வேண்டும். இன்றைய செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் தெரியாத இடத்தை, அந்த மருந்துக்குப் பழக்கமான ஏதோ ஓர் அளவால் நிரப்பிவிடக்கூடும். பார்க்கப் பொருத்தமாக இருப்பதால் அந்தத் தவறு கண்ணில் படாது.

மறுபடி வர வேண்டிய தேதி பெரும்பாலும் தேதியாக எழுதப்பட்டிருக்காது. 'ஒரு வாரம் கழித்து ரெவ்யூ' என்றுதான் இருக்கும். அதை டிஸ்சார்ஜ் தேதியிலிருந்து கணக்கிட வேண்டும். 03/07 என்பது ஜூலை 3ஆ, மார்ச் 7ஆ? சேர்ந்த தேதி விடை சொல்கிறது. 28/06இல் 28 மாதமாக இருக்க முடியாது, ஆகவே நாள்தான் முதலில் வருகிறது. அப்படியென்றால் ரெவ்யூ ஜூலை 10.

அதே வரியில் இன்னொரு குறிப்பும் உண்டு: சீழ் கல்ச்சர் முடிவு இன்னும் வரவில்லை, வரும்போது வாங்கி வரவும். கிருமி எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று அந்த முடிவுதான் சொல்லும். அதைப் பார்த்து, வீட்டில் விழுங்கும் ஆன்டிபயாடிக்கை டாக்டர் மாற்றலாம். நோய், மருந்து, தேதி என்று மூன்று கட்டம் மட்டும் வைத்திருக்கும் மென்பொருளில் இதற்கு இடமே இல்லை. ஆகவே தேதியோடு, அன்று கையில் கொண்டுபோக வேண்டியவை என்று நான்காவது கட்டம் ஒன்றும் இருக்க வேண்டும். இல்லாத மென்பொருளை வைத்திருப்பவர்கள் ரெவ்யூ வரியை மட்டுமாவது தாளிலேயே முழுதாகப் படித்துவிட வேண்டும்.