ஆரஞ்சு பீக்கோவில் ஆரஞ்சு இல்லை

இலங்கைக்குப் போய் வந்த அண்ணன் மகள், அங்கே வாங்கிய டீ பாக்கெட்டைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். "சித்தப்பா, ஆரஞ்சு டீன்னு வாங்கினேன். ஆரஞ்சு வாசமே இல்ல. பால்ல போட்டுக் கொதிக்க வெச்சா நிறமும் ஏறல. ஏமாந்துட்டேனா?"

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முன்பக்கம் 'ஆரஞ்சு பீக்கோ', கீழே 'ஓ.பி.', 'ஹை க்ரோன்'. பின்பக்கம் ஒரு கப்புக்கு ஒரு டீஸ்பூன், அப்போதுதான் கொதித்த தண்ணீர், 3 முதல் 5 நிமிடம்.

அவள் ஏமாறவில்லை. ஓ.பி. என்பது இலையின் அளவைச் சொல்லும் பெயர். ஆரஞ்சுப் பழத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பீக்கோ என்பது கொழுந்தின் மேலுள்ள வெண்ணிற முடியைக் குறிக்கும் சீனச் சொல்லிலிருந்து வந்தது. தேயிலையைச் சல்லடையில் சலிக்கும்போது நீளமாக, முறுக்கிய கம்பி போலத் தங்குவது ஓ.பி. உடைந்த இலை பி.ஓ.பி. அதைவிடப் பொடி பி.ஓ.பி.எஃப். கடைசியில் விழுவது டஸ்ட். இந்த வரிசை அளவின் வரிசைதான், ருசியின் வரிசை அல்ல. நல்ல தோட்டத்து டஸ்ட், சுமாரான தோட்டத்து ஓ.பி.யை எளிதாக வென்றுவிடும். ருசிக்குத் துப்புக் கொடுப்பது 'ஹை க்ரோன்' என்ற வரி. இலங்கையில் சுமார் 4,000 அடிக்கு மேல் விளைந்த தேயிலைக்கு அந்தப் பெயர். நிறம் வெளிறலாக, மணம் தூக்கலாக இருக்கும்.

நம் வீட்டு டீத்தூள் பெரும்பாலும் சி.டி.சி. பல் வெட்டிய உருளைகளுக்கிடையே நசுங்கி, கிழிந்து, சுருண்டு மணிமணியாக வருவது. அது பாலில் விழுந்ததும் சாயம் இறங்கிவிடும். முழு இலைக்கு வெந்நீரும் நேரமும் வேண்டும். அதைப் பாலிலேயே போட்டுக் கொதிக்கவிட்டால் சாயம் சரியாக இறங்காது, மென்மையான மணமும் ஆவியோடு போய்விடும்.

டீஸ்பூன் கணக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. நீண்ட இலை கரண்டியில் இடைவெளி விட்டுக் குவியும். அதனால் அதே கரண்டி டஸ்ட்டைவிட எடை குறைவாகவே இருக்கும். எடை போட்டால் குழப்பமில்லை: 200 மில்லி தண்ணீருக்கு 2 கிராமுக்குச் சற்று மேல்.

"ஒரு ஸ்பூனை வெள்ளைத் தட்டுல கொட்டிப் படம் அனுப்பும்மா" என்றேன். கறுத்த, நீண்ட கம்பிகள். தூள் கிட்டத்தட்ட இல்லை. பாக்கெட்டில் போட்டது உண்மைதான். அடுத்து, குவித்த ஒரு ஸ்பூனைக் குவளையில் போட்டு, கொதிநீர் ஊற்றி மூடி, 4 நிமிடம் கழித்து வடிகட்டச் சொன்னேன். பாலும் வேண்டாம், முதல் வாய்க்குச் சர்க்கரையும் வேண்டாம்.

சாயங்காலம் இரண்டு படம் வந்தது. ஒன்றில் தேன் நிறத்தில் தெளிந்த தேநீர். இன்னொன்றில் வடிகட்டியில் கிடந்த இலை, ஊறி விரிந்து, ஓரத்துப் பற்கள்கூடத் தெரியும்படி.