‘சின்ன மாமியே’: விளி ஒன்று, ஏறும் பகிடி

நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’ போருக்கு முந்திய ஈழத்துப் பொப் பாடல். பேலியகொடையில் இருந்து அதைத் திரும்பத் திரும்பக் கேட்டபோதுதான் அதன் பகிடி ஏறும் விதம் எனக்குப் பிடிபட்டது. மருமகனின் விளி மாறுவதில்லை. அதன் உள்நோக்கம்தான் மாறுகிறது.

முதலில் மாமியின் இளைய மகளைப் பற்றி அப்பாவிபோல விசாரிக்கிறான். அவள் படிக்கப் போயிருப்பதாக மாமி பெருமையோடு சொல்கிறா. பிறகுதான் பெண்களைக் கண்டதும் கண்ணடிக்கும் பொடியளின் கதையை எடுக்கிறான். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் அது கோள், பகிடி அல்ல. மாமியின் பெருமைதான் பகிடிக்கு ஏணி.

இன்று கேட்கையில் இன்னொன்றும் உறைக்கிறது: இருவரும் அவளைப் பற்றியே பேசுகிறார்கள், அந்த மகளுக்கு மட்டும் பாட்டில் குரலே இல்லை.