மிக்ஸி சத்தம் போட்ட லேப்டாப்

என் சித்தப்பா மகனுக்கு ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் பராமரிப்பு வேலை. வாரம் முழுக்க நைட் ஷிஃப்ட் பார்த்த உடம்பு, லீவு நாள் ராத்திரியிலும் தூங்க மறுக்கும். மனைவியும் குழந்தையும் அறையில் தூங்க, இவன் ஹாலில் பழைய லேப்டாப்பைத் திறந்து ஜிடிஏ 5 விளையாட உட்காருவான். பத்தே நிமிஷத்தில் உள்ளே இருக்கும் ஃபேன் அலற ஆரம்பிக்கும். "என்னங்க, இந்நேரத்துல மிக்ஸி போடுறீங்களா?" என்று ஒருநாள் எழுந்தே வந்துவிட்டாள்.

ஃபேனை மெதுவாக ஓட வைக்க அவன் முயலவில்லை. மெஷின்காரன் அல்லவா, சூடு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தான். முதலில் பகலில் அடிமூடியைக் கழற்றினான். ஃபேன் காற்றை வெளியே தள்ளும் இடத்தில், செப்புக் குழாயோடு ஒட்டிய மெல்லிய தகடுகளின் வாயில், கம்பளி மாதிரி தூசு படிந்திருந்தது. வெளியிலிருந்து ஊதினால் போகாத இடம் அது. ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு மென்மையான பிரஷ்ஷால் எடுத்தான். பிடிக்காமல் ப்ளோயர் அடித்தால் இறக்கை தாறுமாறாகச் சுழன்று பேரிங் கெடலாம். சத்தம் கொஞ்சம் குறைந்தது, அலறல் நிற்கவில்லை.

அவனுடைய லேப்டாப்பில் இருப்பது 2017-இல் வந்த i5-8250U சிப். அதன் சாதாரண வேகம் 1.6 கிகாஹெர்ட்ஸ். வேலை வந்தால் 'டர்போ' என்ற பெயரில் 3.4 வரை தாவும். வேகம் ஏற ஏற மின்னழுத்தமும் ஏறும். மின்செலவு அழுத்தத்தின் வர்க்கத்தோடு கூடுவதால், கொஞ்சம் கூடுதல் வேகத்துக்கு நிறையச் சூட்டை விலையாகக் கொடுக்கிறோம். இந்தத் தாவலை நிறுத்த விண்டோஸில் ஒரு வழி உண்டு. அதிகபட்ச வேகத்தை 99 சதவீதம் என்று வைத்தால், இந்த வகை சிப்களில் பொதுவாக டர்போ அடங்கிவிடும்.

```
powercfg /setacvalueindex SCHEME_CURRENT SUB_PROCESSOR PROCTHROTTLEMAX 99
powercfg /setactive SCHEME_CURRENT
```

ஆட்டம் திணறும் என்று எதிர்பார்த்தான். மாறாக, சற்றுச் சீராக ஓடியது. இந்த லேப்டாப்பில் தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. படம் வரையும் பகுதியும் கணக்குப் போடும் பகுதியும் ஒரே சிப்பில், சுமார் 15 வாட் என்ற ஒரே மின் ஒதுக்கீட்டைப் பங்கு போடுகின்றன. கணக்குப் பகுதி அடங்கியதும் மிச்சமான வாட் படம் வரையும் பகுதிக்குப் போய்விட்டது. பலர் 99 வைத்தும் சத்தம் குறையவில்லை என்று புலம்புவது இதனால்தான். மொத்தச் செலவு குறையவில்லை, கை மட்டும் மாறியிருக்கிறது.

அப்படியானால் வரைகிறவன் வேலையையும் குறைக்க வேண்டும். கட்டுப்பாடு இல்லாவிட்டால் ஆட்டம் தன்னால் முடிந்த அளவு ஃப்ரேம்களை வரைந்துகொண்டே இருக்கும், ஒன்றுமே அசையாத மெனுவில்கூட. ஜிடிஏ 5-இன் கிராஃபிக்ஸ் பக்கத்தில் VSync என்பதை Half என்று வைத்தான். 60 ஹெர்ட்ஸ் திரையில் அது நொடிக்கு 30 ஃப்ரேமோடு நிற்கும். தெளிவுத்திறனை 1280 x 720 ஆக்கினான். இப்போது ஒரு ஃப்ரேம் வரைந்து முடித்ததும் அடுத்ததற்கு முன் சிப்புக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கிறது. HWiNFO என்ற இலவச மென்பொருளில் CPU Package Power என்ற வரி, முன்பு 15-ஐ ஒட்டியே நின்றது, 9, 10 வாட்டுக்கு இறங்கியது. அந்த வரி இறங்கினால்தான் சத்தம் இறங்கும், மற்றதெல்லாம் மனப்பிரமை.

ஃபேன் வேகம் கொஞ்சம் குறைந்தாலே காதுக்கு நிறைய வித்தியாசம். வேகம் பாதியானால் ஒலி 15 டெசிபல் அளவுக்குக் குறையும் என்பது பொறியாளர்கள் பயன்படுத்தும் கணக்கு. அதைவிட முக்கியம், சத்தம் ஏறி இறங்காமல் ஒரே மட்டத்தில் இருப்பது. சீரான இரைச்சலை சீலிங் ஃபேன் மூடிவிடும். திடீரென்று எழும் இரைச்சல்தான் தூங்குகிறவரை உலுக்கும். சீலிங் ஃபேனை நிறுத்திவிடும் மார்கழி ராத்திரிகளில் இந்தச் சலுகையும் இல்லை.

ஒருநாள் சார்ஜரைக் கழற்றியதும் பழைய அலறல் திரும்பியது. கட்டளையில் உள்ள ac என்பது சார்ஜரில் ஓடும்போது மட்டும். பேட்டரிக்கு setdcvalueindex என்று தனியாக ஒருமுறை கொடுக்க வேண்டும். மெத்தைமேல் வைத்தாலும் அதே கதிதான், அடியில் காற்று இழுக்கும் துளைகள் அடைபடும். அவன் இப்போது மரப்பலகைமேல் வைக்கிறான்.

இதற்கு விலை உண்டு. ஆட்டம் லோடாக நேரம் பிடிக்கிறது, வண்டிகள் நெரியும் சாலைகளில் 30-க்கும் கீழே தடுமாறுகிறது. 2013-இல் முதலில் வந்த ஆட்டம் என்பதால் இந்த அளவுக்காவது ஓடுகிறது. சமீபத்திய பெரிய ஆட்டங்களுக்கு இந்தச் சிப் டர்போவோடும் போதாது. பகலில் அவன் மனைவி தையல் வகுப்பு வீடியோக்களை எடிட் செய்ய உட்கார்ந்தால் அதே கட்டளையில் 99-ஐ 100 ஆக்கித் தருகிறான். அப்போது ஃபேன் அலறினால் யாரும் கேட்பதில்லை.