ஏறியது சந்தையா, ஏழு நிறுவனங்களா?

2023 மே மாதக் கடைசியில் அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 குறியீடு, அந்த ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 9% ஏறியிருந்தது. அதே நிறுவனங்களைக் கொண்ட இன்னொரு குறியீடு, ஆண்டு தொடங்கிய இடத்திலேயே ஏறக்குறைய நின்றுகொண்டிருந்தது. நிறுவனங்களும் அவையே, விலைகளும் அவையே. கணக்குப் போட்ட விதம்தான் வேறு.

நாம் தினமும் செய்தியில் கேட்கும் குறியீடு, நிறுவனங்களின் சந்தை மதிப்பை வைத்துக் கணக்கிடப்படுகிறது. பெரிய நிறுவனத்தின் விலை அசைந்தால் குறியீடு அதிகம் அசையும். சிறியது அசைந்தால் தெரியவே தெரியாது. சம எடைக் குறியீட்டில் அந்த வேறுபாடு கிடையாது. 500 நிறுவனங்கள் என்றால் ஒவ்வொன்றுக்கும் 0.2%. ஆப்பிளுக்கும் அதே பங்கு, பட்டியலின் கடைசியில் இருக்கும் நிறுவனத்துக்கும் அதே பங்கு. எஸ் அண்ட் பி இந்தச் சம எடைக் குறியீட்டை 2003-இல் அறிமுகப்படுத்தியது.

ஐந்தே நிறுவனங்கள் உள்ள ஒரு சந்தையை எடுத்துக்கொள்வோம். ஒன்றின் மதிப்பு 600 கோடி, மற்ற நான்கும் தலா 100 கோடி. ஓர் ஆண்டில் பெரியது 30% ஏறுகிறது, மற்ற நான்கும் தலா 5% இறங்குகின்றன. பெரியதால் 180 கோடி வரவு, மற்றவற்றால் 20 கோடி இழப்பு. மொத்தம் 1,000 கோடி 1,160 ஆகிறது. மதிப்பு எடைக் குறியீடு 16% ஏற்றம் காட்டும். சம எடையில் 30-இலிருந்து 20-ஐக் கழித்து ஐந்தால் வகுத்தால் 2% மட்டுமே. ஐந்தில் நான்கு இறங்கிய ஆண்டை, முதல் குறியீடு பெரிய வெற்றி ஆண்டாகச் சொல்லிவிடுகிறது. அது பொய் இல்லை. போட்ட பணம் எவ்வளவு பெருகியது என்ற கேள்விக்கு அதுதான் சரியான விடை. எத்தனை பேர் சேர்ந்து பெருக்கினார்கள் என்பது வேறு கேள்வி.

2023-இல் நடந்ததும் இதுதான். மார்ச்சில் சிலிக்கான் வேலி வங்கி திவாலானது. பல வட்டார வங்கிகளின் பங்குகள் சரிந்தன, அவற்றைப் போன்ற நடுத்தர நிறுவனங்களுக்குச் சம எடைக் குறியீட்டில் கனம் கூடுதல். மே 24 அன்று என்விடியா, அடுத்த காலாண்டில் சுமார் 1,100 கோடி டாலர் விற்பனையை எதிர்பார்ப்பதாக அறிவித்தது. மறுநாள் அந்தப் பங்கு 24% ஏறியது. ஆப்பிள், மைக்ரோசாஃப்ட், ஆல்ஃபபெட், அமேசான், என்விடியா, மெட்டா, டெஸ்லா ஆகிய ஏழும் குறியீட்டைத் தூக்கிச் சென்றன. டிவிடெண்டையும் சேர்த்து, ஆண்டு முடிவில் எஸ் அண்ட் பி 500 26% லாபம் கொடுத்தது. சம எடைக் குறியீடு சுமார் 14%.

இந்த இடைவெளியைச் சார்ட்டில் பார்க்க இரண்டு வழிகள் உண்டு. ஒரே தொடக்க நாளில் இரண்டு குறியீடுகளையும் 100 என்று வைத்து ஒரே சார்ட்டில் வரைவது முதல் வழி. அப்படி வைக்காமல் இரண்டு தனிச் சார்ட்டுகளை அருகருகே பார்த்தால் கண் ஏமாறும். ஒன்றை மற்றொன்றால் வகுத்து ஒரே கோடாக வரைவது இரண்டாவது வழி. அமெரிக்கச் சந்தைக்குப் பலரும் இரண்டு ஈடிஎஃப்களை எடுத்துக்கொண்டு `RSP/SPY` என்று தட்டச்சு செய்வார்கள். கோடு இறங்கினால் பெரும் நிறுவனங்கள் முந்துகின்றன, ஏறினால் சராசரி நிறுவனம் முந்துகிறது என்று பொருள். ஒன்றில் டிவிடெண்ட் சேர்ந்தும் மற்றொன்றில் சேராமலும் இருந்தால், நீண்ட காலத்தில் இல்லாத இடைவெளியைக் கோடு காட்டிவிடும்.

வகுத்த கோட்டை மட்டும் பார்த்து முடிவுக்கு வருவதுதான் நான் அடிக்கடி காணும் தவறு. அந்தக் கோடு இறங்குவதற்கு முற்றிலும் வேறான இரு காரணங்கள் இருக்கலாம். எல்லா நிறுவனங்களும் ஏறி, பெரியவை இன்னும் வேகமாக ஏறியிருக்கலாம். அல்லது பெரியவை மட்டும் ஏற, மற்றவை சரிந்திருக்கலாம். முதலாவது ஆரோக்கியமான சந்தை. இரண்டாவதில் குறியீடு இரண்டு மூன்று தூண்களின் மேல் நிற்கிறது. இந்த இரண்டையும் பிரித்தறிய, சம எடைக் குறியீட்டைத் தனியாகவும் பார்க்க வேண்டும். அதுவும் மேல்நோக்கிப் போகிறதா, அல்லது முக்கியக் குறியீடு புதிய உச்சம் தொடும்போது அது பழைய உச்சத்துக்குக் கீழேயே தங்கிவிட்டதா? 2023 மே இரண்டாம் வகைக்கு அருகில் இருந்தது. நவம்பர், டிசம்பரில் சம எடையும் வலுவாக எழுந்தது. டிசம்பரில் முக்கியக் குறியீட்டையே முந்தியது.

இடைவெளி விரிந்தால் வீழ்ச்சி வருமா? 1998, 1999 ஆகிய இரண்டு ஆண்டுகளும் பெரும் நிறுவனங்கள் சராசரியை வெகுவாக முந்தின. 1998 முடிவில் பயந்து விற்றவர் அடுத்த ஆண்டின் 21% லாபத்தை இழந்திருப்பார். 2000-இல் நிலைமை திரும்பியது. தொழில்நுட்பப் பங்குகள் சரிந்து, முக்கியக் குறியீடு 9% இழந்தபோது, பின்னோக்கிக் கணக்கிட்ட சம எடைக் குறியீடு அந்த ஆண்டை ஏற்றத்தில் முடித்தது. ஆபத்து எங்கே சேர்ந்திருக்கிறது என்பதை இடைவெளி காட்டுகிறது. எந்த நாளில் வரும் என்பதைக் காட்டாது. பெரும் நிறுவனங்கள் முந்துவதற்கு உண்மையான லாபமும் காரணமாக இருக்கலாம். என்விடியாவின் ஆண்டு விற்பனை 2,700 கோடி டாலரிலிருந்து ஒரே ஆண்டில் சுமார் 6,100 கோடியானது. வெறும் நம்பிக்கையில் ஏறிய விலை என்று அதைத் தள்ளிவிட முடியாது.

சம எடைக் குறியீட்டுக்கும் சாய்வு உண்டு. ஒவ்வொரு காலாண்டிலும் ஏறியதை விற்று, இறங்கியதை வாங்கிப் பழையபடி சமமாக்குகிறார்கள். தொழில்நுட்பத்தின் பங்கு அதில் மிகவும் குறைவு. தொழிற்சாலை, மின் விநியோக நிறுவனங்களின் பங்கு கூடுதல். ஆகவே கோடு இறங்குவது சில நேரம் துறைகளுக்கு இடையிலான போட்டி மட்டுமே. நிஃப்டி 50-க்கும் தலா 2% கொண்ட சம எடைக் குறியீடு இருக்கிறது. அங்கே முக்கியக் குறியீட்டில் மூன்றில் ஒரு பங்கு நிதித்துறை என்பதால், இடைவெளி பெரும்பாலும் பெரிய வங்கிகளின் கதையைத்தான் சொல்லும். அமெரிக்கப் பாடத்தை அப்படியே பொருத்தக் கூடாது. சந்தேகம் இருந்தால், எத்தனை பங்குகள் தங்கள் 200 நாள் சராசரிக்கு மேல் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணிக்கையில் நிறுவனத்தின் அளவுக்கு இடமில்லை.

2024 ஜூலை 11 அன்று அமெரிக்கப் பணவீக்கம் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வந்தது. வட்டி குறையும் என்ற நம்பிக்கையில் பணம் பெரும் நிறுவனங்களை விட்டுச் சிறியவற்றுக்குப் போனது. என்விடியா 5 சதவீதத்துக்கும் மேல், டெஸ்லா 8 சதவீதத்துக்கும் மேல் இறங்கின. எஸ் அண்ட் பி 500 0.9% குறைந்ததாகச் செய்தி வந்தது. அதே நாளில் அந்தப் பட்டியலின் நிறுவனங்களில் பெரும்பாலானவை ஏறியிருந்தன. சம எடைக் குறியீடு ஒரு சதவீதத்துக்கும் அதிகமாக உயர்ந்து முடிந்தது.